நுரையீரல் செயல்திறன் சோதனையான பி.எஃப்.டி. ரிப்போர்ட்டில் FVC 67%: அடைப்பா, சுருக்கமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"FVC 67% என்று போட்டிருக்கிறது. நுரையீரலில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதா?"

அப்படிப் படிக்காதீர்கள். முடிந்த மட்டும் காற்றை இழுத்து, முழு வேகத்தில் கடைசி வரை ஊதும்போது வெளியே வந்த காற்றின் அளவுதான் FVC. உங்கள் வயது, உயரம், பாலினம் உள்ள ஆரோக்கியமான ஒருவர் சராசரியாக எவ்வளவு ஊதுவார் என்று இயந்திரம் ஒரு கணக்கு வைத்திருக்கும். நீங்கள் ஊதியது அதில் 67 சதவீதம். வெளியே வராமல் நெஞ்சுக்குள் எவ்வளவு காற்று தங்கிவிட்டது என்பதை அந்த எண் சொல்லாது. அது தெரியாமல் நுரையீரல் சிறுத்துவிட்டதா, வீங்கிக் கிடக்கிறதா என்று முடிவு செய்ய முடியாது.

நான் மும்பையில் மூச்சு ஊதும் சோதனை எடுக்கும் டெக்னீஷியன். இந்தப் பக்கம் முழுக்க இரண்டு பேரின் ரிப்போர்ட்டை வைத்துப் பேசப் போகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவர் தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் 58 வயது அண்ணாச்சி. இளமையிலிருந்தே பீடி. இன்னொருவர் மாட்டுங்காவில் இருக்கும் 55 வயது மாமி. புகைப்பழக்கம் கிடையாது. பால்கனியில் தினமும் புறாக்களுக்குத் தானியம் போடுகிறவர். இருவருக்குமே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இருவருக்குமே FVC சரியாக 67%. ஆனால் நோய்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

"டைடல் வால்யூம், வைட்டல் கெப்பாசிட்டி என்று என்னென்னவோ இருக்கிறது. வால்யூமுக்கும் கெப்பாசிட்டிக்கும் என்ன வித்தியாசம்?"

வால்யூம் என்பது பிரிக்க முடியாத தனித் துண்டு. அப்படி நான்கு துண்டுகள் உண்டு. அவற்றில் இரண்டையோ அதற்கு மேலோ கூட்டினால் வருவது கெப்பாசிட்டி.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சில் உள்ளே போய் வெளியே வருவது ஏறக்குறைய அரை லிட்டர். இது டைடல் வால்யூம், அதாவது மூச்சுக் காற்று அளவு. அந்தச் சாதாரண மூச்சை இழுத்து முடித்த பிறகும், முயன்றால் இன்னும் 3 லிட்டர் அளவுக்கு இழுக்கலாம். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த பிறகும், வயிற்றை இறுக்கி இன்னும் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக ஊதித் தள்ளலாம். இந்த இரண்டும் சேமிப்பு அளவுகள். எவ்வளவு ஊதினாலும் வெளியே வராமல் சுமார் 1.2 லிட்டர் உள்ளே தங்கிவிடும். இதுதான் எஞ்சிய அளவு. ரிப்போர்ட்டில் RV என்று இருக்கும். நல்ல உடல்நிலையில் உள்ள வாலிபருக்குப் பாடப்புத்தகம் தரும் எண்கள் இவை. வயதானால் RV கூடும். உயரம் குறைந்தவர்களுக்கு எல்லாமே குறையும்.

முதல் மூன்று துண்டுகளின் கூட்டுத்தொகை வைட்டல் கெப்பாசிட்டி, தமிழ்ப் பாடநூலில் உயிர்ப்புத் திறன். லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர், நீரில் மிதக்கும் கலத்தை வைத்து ஸ்பைரோமீட்டர் செய்து, 1846-இல் இந்தப் பெயரையும் சூட்டினார். அதையே வேகமாக ஊதி அளந்தால் FVC. அதனுடன் RV-யையும் கூட்டினால் நுரையீரலின் மொத்தக் கொள்ளளவு, TLC.

இதில் மனதில் வைக்க வேண்டியது RV ஒன்றைத்தான். ஸ்பைரோமீட்டர் தனக்குள் வந்து சேரும் காற்றைத்தான் அளக்கும். RV வெளியே வருவதே இல்லை. ஆகவே ஊதும் சோதனையால் RV-யையும் அளக்க முடியாது, RV சேர்ந்த TLC-யையும் அளக்க முடியாது. ஊதும் சோதனையைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

"அப்படியானால் ரிப்போர்ட்டில் முதலில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?"

FEV1/FVC என்ற விகிதத்தை. FEV1 என்பது முதல் ஒரு விநாடியில் மட்டும் வெளியே வந்த காற்று. நல்ல நுரையீரல் தன் காற்றில் முக்கால் பங்குக்கும் மேல் அந்த முதல் விநாடியிலேயே கொட்டிவிடும்.

அண்ணாச்சிக்கு வந்தது FVC 2.20 லிட்டர், FEV1 1.05 லிட்டர். விகிதம் 0.48. ஊதிய காற்றில் பாதிகூட முதல் விநாடியில் வெளியேறவில்லை. மாமிக்கு FVC 1.60, FEV1 1.40. விகிதம் 0.88. அதாவது அவருடைய காற்று தாராளமாக, நல்ல வேகத்தில் வருகிறது. வருவதற்கு உள்ளே இருப்பதுதான் குறைவு.

விகிதம் குறைந்தால், காற்று வெளியேறும் வழி குறுகிய அடைப்பு வகை. விகிதம் சரியாகவோ உயர்ந்தோ இருந்து FVC குறைந்திருந்தால், நுரையீரலின் கொள்ளளவே குறைந்த சுருக்க வகையாக இருக்கலாம். "இருக்கலாம்" என்று நிறுத்துவதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது.

"0.70 தான் எல்லைக்கோடா? என் அப்பாவுக்கு 0.68. அவருக்கு 76 வயது."

0.70 எளிதாக நினைவில் நிற்கும் கோடு. நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி.க்கான கோல்டு என்ற சர்வதேச வழிகாட்டுதல், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகு எடுத்த விகிதத்துக்கு இதையே பயன்படுத்துகிறது. ஆனால் வயதாக ஆக நுரையீரலின் மீள்விசை தளர்வதால் விகிதம் இயல்பாகவே இறங்கும். அதனால் நிலையான கோடு முதியவர்களில் சிலரை வீணாக நோயாளி ஆக்கும், இளைஞர்களில் சிலரைத் தவற விடும். ரிப்போர்ட்டில் LLN என்று ஒரு பத்தி இருக்கிறதா பாருங்கள். அந்த வயதுக்கும் உயரத்துக்கும் உரிய கீழ் எல்லை அது. ஆரோக்கியமானவர்களில் 5 சதவீதம் பேர் மட்டுமே அதற்குக் கீழே வருவார்கள். அப்பாவின் 0.68 அந்த எல்லைக்கு மேலே இருந்து, அவருக்குத் தொந்தரவும் இல்லை என்றால், அந்த எண்ணை மட்டும் வைத்து அவருக்கு நோய் என்று சொல்ல மாட்டேன்.

"எண்ணெல்லாம் சரி, அந்த வளைகோடு என்ன சொல்கிறது?"

எனக்கு எண்ணைவிட வளைகோட்டின் மேல் நம்பிக்கை அதிகம். ரிப்போர்ட்டில் பொதுவாக இரண்டு படங்கள் இருக்கும். ஒன்றில் கீழ்க்கோடு விநாடி, நிற்கும் கோடு லிட்டர். மற்றொன்றில் கீழ்க்கோடு லிட்டர், நிற்கும் கோடு காற்றின் வேகம். இரண்டாவதைத்தான் ஃப்ளோ வால்யூம் லூப் என்கிறோம்.

ஆரோக்கியமான லூப்பில் கோடு செங்குத்தாக மேலே ஏறும், ஒரு கூர்மையான உச்சி தொடும், பிறகு ஏறக்குறைய நேர்க்கோடாகச் சரிந்து கீழே வந்து சேரும்.

அண்ணாச்சியின் லூப்பில் உச்சி தாழ்ந்திருந்தது. உச்சியைத் தொட்ட மறுகணமே கோடு பொத்தென்று இறங்கி, ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி உள்நோக்கித் தொய்ந்து, நீண்டு போய் முடிந்தது. அந்தத் தொய்வுக்குக் காரணம் இதுதான். சிறிய மூச்சுக்குழாய்களுக்கு எலும்போ குருத்தெலும்போ இல்லை. சுற்றியுள்ள காற்றறைகளின் சுவர்கள் எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடிப்பதால்தான் அவை திறந்திருக்கின்றன. பல வருடப் புகை அந்தச் சுவர்களை அரித்துவிட்டால் பிடிமானம் போய்விடும். அப்போது பலமாக ஊதும்போது நெஞ்சுக்குள் எழும் அழுத்தமே அந்தக் குழாய்களை நசுக்கிவிடும். பெரிய குழாய்களில் இருந்த காற்று முதலில் சட்டென்று வந்துவிடும், அதுதான் உச்சி. அப்புறம் வருவதெல்லாம் நசுங்கிய குழாய்களின் வழியே கசிந்து வருவதுதான். ஆஸ்துமாவிலும் லூப் இப்படித் தொய்யும். அங்கே சுவர் அரிப்பதில்லை; குழாயைச் சுற்றிய தசை இறுகுவதும், உட்சுவர் வீங்கிச் சளி சேர்வதும் காரணம்.

நேரத்தைக் காட்டும் படத்திலும் இதே கதைதான். நல்லவர்களின் கோடு விருட்டென்று ஏறித் தட்டையாகிவிடும். அண்ணாச்சியின் கோடு பத்தாவது விநாடியிலும் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது.

மாமியின் லூப் வேறு விதம். வடிவம் கெடவே இல்லை. ஏற்றம் செங்குத்து, உச்சி கூர்மை, இறக்கம் நேர்க்கோடு. ஆனால் கீழ்க்கோட்டில் அது பிடித்த இடம் குறுகல், ஒன்றரை லிட்டரைத் தாண்டியதும் முடிந்துவிட்டது. தழும்பு விழுந்து விறைத்த நுரையீரல் விரிய மறுக்கிறது, அதனால் உள்ளே போகும் காற்று குறைவு. அதே விறைப்பு குழாய்களை வெளிப்புறமாக இழுத்துத் திறந்து வைக்கிறது. ஆகவே வெளியேறும் வேகம், இருக்கும் காற்றின் அளவுக்கு ஒப்பிட்டால், நன்றாகவே இருக்கும். விகிதம் 0.88 ஆனது இதனால்தான்.

"விகிதமும் குறைவு, FVC-யும் குறைவு. இயந்திரம் 'மிக்ஸ்டு' என்று அச்சடித்திருக்கிறது. இரண்டு நோயுமா?"

அண்ணாச்சியின் தாளிலும் அதே சொல்தான் இருந்தது. அவர் பயந்துபோய், "இருக்கிற நோய் போதாதுன்னு இன்னொண்ணா?" என்று கேட்டார். இரண்டாவது நோய் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு மொத்தக் கொள்ளளவை அளந்து பார்த்தபோது இது தெளிவானது.

அவருக்கு எதிர்பார்க்கப்பட்ட TLC 5.4 லிட்டர். அளந்தபோது வந்தது 6.3. நுரையீரல் சுருங்கவில்லை, பெருத்திருக்கிறது. மெதுவாக ஊதச் சொன்னபோது 2.5 லிட்டர் வந்தது. வேகமாக ஊதினால் குழாய் நசுங்குவதால் 2.2 தான் வந்தது. இந்த வித்தியாசமே அடைப்புக்கு ஒரு சாட்சி. 6.3-இல் 2.5 போனால் மீதி 3.8 லிட்டர். அவர் எவ்வளவு முக்கி ஊதினாலும் வெளியே வராத காற்று அது. அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் அது சுமார் 2.1 லிட்டர் இருந்தால் போதும். காற்று உள்ளே சிக்கிக்கொண்டதால், ஊதுவதற்குக் கிடைக்கும் பங்கு குறைந்துவிட்டது. FVC இறங்கியதற்கு அதுதான் முழுக் காரணம்.

அவருடைய மூச்சிரைப்பும் இதனால்தான் புரிகிறது. எப்போதும் நெஞ்சு முக்கால்வாசி நிரம்பிய நிலையில் அவர் மூச்சு விடுகிறார். மாடி ஏறும்போது மூச்சு வேகமாகும், முழுவதும் வெளியே விட நேரம் போதாது, இன்னும் கொஞ்சம் காற்று சிக்கும். கடைசியில் உள்ளே இழுக்க இடமே இருக்காது. "மூச்சை இழுக்க முடியல" என்று இவர்கள் சொல்வது அப்படியே உண்மை, பழுது மூச்சை விடுவதில் இருந்தாலும்கூட.

மாமிக்கு TLC 4.0 இருக்க வேண்டியது 2.7 தான் இருந்தது. RV-யும் 1.6-க்குப் பதில் 1.1. எல்லாமே சேர்ந்து சிறுத்திருந்தன. இதுதான் உண்மையான சுருக்கம்.

உண்மையிலேயே இரண்டும் சேர்ந்து வருபவர்களும் உண்டு. ஆனால் விகிதமும் குறைந்து TLC-யும் குறைந்தால் மட்டுமே அப்படிச் சொல்ல வேண்டும்.

"வெளியே வராத காற்றை எப்படி அளக்கிறார்கள்?"

இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, குறிப்பிட்ட அளவு ஹீலியம் கலந்த காற்றைச் சில நிமிடங்கள் சுவாசிக்க வைப்பது. ஹீலியம் எவ்வளவு நீர்த்துப்போனது என்று பார்த்து உள்ளே இருந்த காற்றைக் கணக்கிடலாம். மற்றொன்று, கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, மூடிய குழாய்க்கு எதிராக மெதுவாக மூச்சுவிடச் சொல்வது. 'பாடி பாக்ஸ்' என்போம். அழுத்தமும் கொள்ளளவும் மாறுவதிலிருந்து பாயில் விதிப்படி கணக்கு வரும்.

சுருக்க வகைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே விடை தரும். கடுமையான அடைப்பில் அப்படியல்ல. சிக்கிக் கிடக்கும் காற்றுப் பைகளுக்குள் ஹீலியம் போய்ச் சேராது, அதனால் கணக்கு குறைவாக வரும். அண்ணாச்சி போன்றவருக்கு ஹீலியம் முறையில் TLC இயல்பாகத் தோன்றினாலும் வியப்பில்லை. பாடி பாக்ஸ் எல்லா லேபிலும் இருக்காது, போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

"விகிதம் நன்றாக இருக்கிறது, FVC குறைவு. 'ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?"

அந்தச் சொல்லுக்குச் சுருக்கம் என்று பொருள். இங்கே அது ஒரு சந்தேகம் மட்டுமே. TLC அளக்காமல் உறுதி செய்ய முடியாது. ஊதும் சோதனையில் இப்படி வருபவர்களில் கணிசமானோருக்கு, அளந்து பார்த்தால் TLC இயல்பாகவே இருக்கிறது. எதிர்ப்பக்கம் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு: FVC இயல்பாக இருந்தால், உண்மையான சுருக்கம் இருப்பது அரிது.

பொய்யாகச் சுருக்கம் காட்டுவதற்கு முதல் காரணம், ஊதுவதைப் பாதியில் நிறுத்துவது. அண்ணாச்சியே முதல் முயற்சியில் மூன்றாவது விநாடியில் நிறுத்திவிட்டார். FVC 1.60 என்று வந்தது. FEV1 அதே 1.05 தான். விகிதம் 0.48-க்குப் பதில் 0.66 ஆகிவிட்டது. இவருக்கு நோய் கடுமை, அதனால் அப்போதும் அடைப்பு தெரிந்தது. லேசான அடைப்பு உள்ளவர் இப்படி நிறுத்தினால் விகிதம் இயல்புக்கு ஏறிவிடும், FVC மட்டும் குறைந்து தெரியும், தாளில் 'ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்று அச்சாகும். இருக்கிற நோய் மறைந்து இல்லாத நோய் எழுதப்படும்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். லூப்பின் கடைசியில் கோடு சாய்வாக வந்து சேராமல் செங்குத்தாக விழுந்திருந்தால், பாதியில் நிறுத்தியதாகப் பொருள். நேரப் படத்தில் கோடு தட்டையாவதற்கு முன்பே அறுந்திருக்கும். உச்சி கூர்மையாக இல்லாமல் மழுங்கி, ஏற்றமும் சாய்வாக இருந்தால், தயங்கி ஊதியிருக்கிறார்கள். முதல் விநாடிக்குள் பள்ளம் விழுந்திருந்தால் இருமல். பல்செட் தளர்ந்து உதட்டோரம் காற்று கசிந்தாலும் FVC குறையும்.

மொழியும் ஒரு காரணம். இந்த ஊரில் பெரும்பாலான லேபில் "ஜோர் ஸே ஃபூங்க்கோ, ஔர், ஔர், ருக்னா நஹீ" என்று இந்தியில்தான் கத்துவார்கள். ஊரிலிருந்து வயதான காலத்தில் பிள்ளைகளிடம் வந்த பெரியவர்களுக்கு அது புரியாது. ஒரு பெரியவரின் தாளில் மூன்று லூப்பும் மூன்று விதமாக இருந்தன. "இழுங்க, இன்னும் இழுங்க, இப்ப ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க" என்று தமிழில் சொன்னதும் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தன. அம்மா அப்பாவை அழைத்துப் போனால் உள்ளே கூடவே நின்று தமிழில் சொல்லுங்கள், கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

"எத்தனை தடவை ஊத வைப்பார்கள்? தலை சுற்றுகிறது."

ஒழுங்காக அமைந்த மூன்று முயற்சிகள் வேண்டும். அவற்றில் மிகப் பெரிய இரண்டு FVC-க்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, FEV1-க்கும் அப்படியே. பெரியவர்களுக்குப் பொதுவாக எட்டு முயற்சிகளோடு நிறுத்திவிடுவோம். தலை சுற்றினால் சொல்லுங்கள், இடையில் ஓய்வு தர வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்தாலோ, கண், மூளை, நெஞ்சு, வயிறு இவற்றில் அறுவை நடந்திருந்தாலோ, சளியில் காசநோய் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"மருந்து அடித்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார்கள். எதற்கு?"

அடைப்பு எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க. சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம், அதாவது வழக்கமான இன்ஹேலரில் நான்கு பஃப், ஸ்பேசர் வழியாகக் கொடுத்து 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து மறுபடி எடுப்போம். ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் மருத்துவச் சங்கங்களின் 2021 விதிப்படி, FEV1 அல்லது FVC கூடிய அளவு, எதிர்பார்க்கப்படும் மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால் குறிப்பிடத்தக்க மாற்றம். அண்ணாச்சிக்கு FEV1 1.05-இலிருந்து 1.13 ஆனது. எதிர்பார்க்கப்படும் 2.60-இல் அது 3 சதவீதம்தான். அரித்த சுவரை மருந்தால் கட்ட முடியாது. ஆனாலும் இன்ஹேலர் வீண் என்று எண்ண வேண்டாம். FEV1 ஏறாவிட்டாலும் சிக்கிய காற்று குறைந்து நடக்க இலகுவாவது பலருக்கு நடக்கிறது.

சோதனைக்கு முன் எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். மூச்சு முட்டினால் சோதனையை நினைத்துத் தாங்கிக்கொண்டிருக்காமல் மருந்தை எடுத்துவிட்டு, எடுத்த நேரத்தை எங்களிடம் சொல்லுங்கள்.

"புறாவுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்?"

புறாவின் எச்சத்தூளிலும் இறகுத் துகளிலும் உள்ள புரதங்களுக்குச் சிலரின் உடல் ஒவ்வாமல் எதிர்வினை காட்டும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறும். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ் என்பது அதன் பெயர். மும்பையில் புறாக்களுக்குத் தானியம் போடும் இடமான தாதர் கபூதர்கானா 2025-இல் மூடப்பட்ட சர்ச்சையின்போது அடிபட்ட பெயர் இது. தானியம் போடும் எல்லோருக்கும் வருவதில்லை. மாமிக்கு ஊதும் சோதனை காட்டியது சுருக்கம் என்பதை மட்டும்தான். காரணத்தைச் சி.டி. ஸ்கேனும், வாயு ரத்தத்துக்குள் கடக்கும் அளவை அறியும் DLCO சோதனையும், மருத்துவர் கேட்ட புறாக் கேள்வியும் சேர்ந்துதான் சொல்லின. சுருக்கத்துக்கு நுரையீரலுக்கு வெளியேயும் காரணம் இருக்கலாம்: வளைந்த முதுகெலும்பு, நெஞ்சில் நீர், உதரவிதானத் தசையின் பலவீனம், அதிக உடல் பருமன்.

"ஆறு மாதம் கழித்து எடுத்ததில் FVC 1.60-இலிருந்து 1.52 ஆகிவிட்டது. நோய் முற்றுகிறதா?"

80 மில்லி வித்தியாசம் ஒரே நாளில், ஒரே ஆளின் இரண்டு ஊதல்களுக்கு இடையிலேயே வரும். இதை மட்டும் வைத்து முற்றுகிறது என்று சொல்ல முடியாது. முதலில் இரண்டு தாளிலும் உயரம் ஒன்றாக இருக்கிறதா, எதிர்பார்க்கப்படும் மதிப்பு ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். லேப் மாறினால் ஒப்பிடும் அட்டவணையும் மாறலாம், சதவீதம் தானாகவே ஏறி இறங்கும். ஆகையால் லிட்டரை லிட்டரோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் அதே லேபில், ஏறக்குறைய அதே நேரத்தில் எடுங்கள். அடுத்த தடவையும் இறங்கி, கூடவே DLCO-வும் இறங்கி, மூச்சிரைப்பும் கூடினால் அது வேறு கதை, அப்போது மருத்துவர் சிகிச்சையை மாற்ற யோசிப்பார். பழைய தாள்களை, லூப் படம் உள்ள பக்கத்தோடு, பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு தடவையும் கொண்டு போங்கள்.